எட்டாயிரமா, ஒன்பதாயிரமா? ஐந்து வருட வாடகைக் கணக்கு

கேள்வி: பையன் நாகர்கோவிலில் ஆறாம் வகுப்பு சேர்கிறான். பத்தாவது முடிக்கும்வரை, ஐந்து வருடம், அங்கேயே வாடகைக்கு இருக்கப் போகிறோம். வடசேரியில் ஒரு வீடு: வாடகை 8,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், வருடம் 10 சதவீதம் ஏற்றுவார்களாம். பார்வதிபுரத்தில் இன்னொன்று: 9,000, அட்வான்ஸ் 50,000, ஏற்றம் 5 சதவீதம். இரண்டுக்கும் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. சாமான் ஏற்றி இறக்க 12,000 ஆகும். எட்டாயிரம் வீடுதான் லாபம் என்கிறார் கணவர். சரிதானா? — வாசகி, தக்கலை

பதில்: முதல் வருடம் மட்டும் பார்த்தால் உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் வடசேரி வீட்டு வாடகை வருடாவருடம் 8,000, 8,800, 9,680, 10,648 என்று ஏறி ஐந்தாம் வருடம் 11,713 ஆகிவிடும். அதே வருடம் பார்வதிபுரம் வீட்டுக்கு 10,940தான். நான்காம் வருடத்திலேயே மலிவு வீட்டின் வாடகை மற்றதைத் தாண்டிவிடுகிறது.

ஐந்து வருட வாடகையைக் கூட்ட ஒரு சுருக்கு வழி உண்டு. முதல் வருடத்தின் 12 மாத வாடகையை, ஏற்றம் 10 சதவீதம் என்றால் 6.105ஆலும், 5 சதவீதம் என்றால் 5.526ஆலும் பெருக்குங்கள். வடசேரிக்கு சுமார் 5,86,000 ரூபாய் வரும், பார்வதிபுரத்துக்கு 5,97,000. இதுவரை கணவர் பக்கம்தான், 11,000 ரூபாய் குறைவு.

அடுத்தது அட்வான்ஸ். அதைச் செலவில் அப்படியே சேர்க்கக் கூடாது, திரும்பி வரும் பணம் அது. செலவு என்பது அந்தப் பணத்துக்கு வராமல் போகும் வட்டிதான். வங்கியில் 6 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால், ஒரு லட்சத்துக்கு ஐந்து வருடத்தில் 30,000, ஐம்பதாயிரத்துக்கு 15,000. (நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ அட்வான்ஸ் கொடுப்பதானால் அந்த வட்டி விகிதத்தைப் போட வேண்டும், வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.) வாடகையையும் வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் பார்வதிபுரம் 4,000 ரூபாய் முந்துகிறது.

காலி செய்யும்போது 'பெயிண்ட் அடிக்க' என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது வழக்கம். அது கடைசி வருட வாடகை, முதல் வருடத்தது அல்ல. அதையும், புரோக்கர் காசையும், குடிபோகும் 12,000த்தையும் சேர்த்தால் வடசேரிக்கு மொத்தம் ஏறக்குறைய 6,48,000, பார்வதிபுரத்துக்கு 6,44,000. காலி செய்து போகும் வண்டிச் செலவை அடுத்த வீட்டுக் கணக்கில் எழுதுங்கள், இங்கே எழுதினால் இரண்டு முறை வரும்.

நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. சுவரில் ஓதம் ஏறாத வீடு குறைவு. அந்தக் கறையையும் உங்கள் தலையில் கட்டி, ஒரு மாத வாடகைக்கு மேலும் பிடிக்கப் பார்ப்பார்கள். சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு அறைச் சுவரையும், குறிப்பாக ஜன்னலுக்குக் கீழேயும் குளியலறைக்குப் பின்புறமும், போனில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். தேதி அதிலேயே நிற்கும்.

வித்தியாசம் 4,000தானே என்று நினைத்தால், ஒப்பந்தத்தை ஒரு முறை படியுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்பதால், பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் எழுதுகிறார்கள். 'புதுப்பிக்கும்போது 10 சதவீதம் உயர்த்தப்படும்' என்று அதில் இருந்தால், ஏற்றம் 12 மாதத்துக்கு ஒரு முறை வராது, 11 மாதத்துக்கு ஒரு முறை வரும். 60 மாதத்தில் நான்கு ஏற்றத்துக்குப் பதில் ஐந்து. கடைசி ஐந்து மாதம் வடசேரியில் 12,884 கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். இந்த ஒரு வரியால் அங்கே வாடகை மட்டும் சுமார் 15,500 கூடும், பார்வதிபுரத்தில் 7,700. அப்போது மொத்த வித்தியாசம் 12,000ஐத் தாண்டிவிடும். எந்த வீடானாலும் 'குடிவந்த தேதியிலிருந்து 12 மாதத்துக்கு ஒரு முறை' என்று எழுதச் சொல்லுங்கள். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் நடக்காது.

இதெல்லாம் ஐந்து வருடம் நிச்சயம் என்றால்தான். கணவருக்கு மாற்றல் வரவோ, பையனைப் பள்ளி மாற்றவோ வாய்ப்பிருந்தால் கணக்கு தலைகீழ். மூன்று வருடத்தில் காலி செய்தால், 12 மாத ஏற்றப்படி வடசேரி வீடே சுமார் 15,000 ரூபாய் குறைவாக வருகிறது, ஏனென்றால் அதன் பெரிய ஏற்றங்கள் கடைசி இரண்டு வருடத்தில்தான் உறைக்கின்றன. பத்தாவதுவரை அங்கேயேதான் என்று இருவரும் உறுதியாக இருந்தால் பார்வதிபுரத்துக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.