குளத்து வேலைக்கு ஆள் கூப்பிடும் செய்தி: கேள்வி பதில்

பதினோரு வருடமாகப் பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள குளக்கரைகளில் ஞாயிறு வேலைக்கு ஆள் சேர்த்து வருகிறேன். இன்றைக்கு அந்த அழைப்புச் செய்தியை எழுதுவது பற்றி மட்டும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

"அண்ணாச்சி, போன மாசம் எங்க ஊர் குரூப்ல இப்படிப் போட்டோம்: 'இயற்கையைக் காப்போம்! நீர்நிலைகளை மீட்போம்! வரும் ஞாயிறு ஏரி தூய்மைப் பணி. இளைஞர்களே, அலைகடலெனத் திரண்டு வாரீர்!' 84 பேர் கட்டைவிரல் போட்டாங்க. வந்தது 9 பேர். எங்க தப்பு பண்ணோம்?" (நாங்குநேரி பக்கம்)

தம்பி, அந்த 84 பேரும் பொய் சொல்லவில்லை. நல்ல காரியம் என்று நினைத்துத்தான் விரலைப் போட்டிருக்கிறார்கள். வர நினைத்தவனுக்கு எத்தனை மணிக்கு, எந்தக் கரையில், என்ன வேலைக்கு, எப்போது வீடு திரும்பலாம் என்று எதுவும் உங்கள் செய்தியில் கிடைக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விடக்கூடாது. நம் ஆட்கள் குரூப்பில் கேட்கக் கூச்சப்படுவார்கள், பேசாமல் இருந்துவிடுவார்கள்.

நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பது முடியும் நேரத்தைப் போடுங்கள் என்பதுதான். அது இல்லாத செய்தி ஒருவருடைய முழு ஞாயிற்றையும் கேட்கிறது. நம்ம பக்கம் ஞாயிறு காலையில் பாதி ஊருக்கு ஆராதனை, மீதிப் பேருக்குக் கறிக்கடை. ஆவணி என்றால் முகூர்த்தமும் சேர்ந்துகொள்ளும். 8.15க்கு விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தால் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

"வரும் ஞாயிறு" என்று எழுதவே கூடாது. செய்தி கைமாறிக் கைமாறி இன்னொரு குரூப்புக்குப் போய்ச் சேரும்போது அந்த ஞாயிறு முடிந்திருக்கும். தேதி, கிழமை, வருஷம் மூன்றும் வேண்டும். "குளக்கரை" என்று மட்டும் இடம் சொல்வதும் அப்படித்தான். மேப்பில் குளத்தின் பெயரைத் தட்டினால் குறி பெரும்பாலும் நடுத் தண்ணீரில் போய் நிற்கும். ஒரு தடவை நான் வெறும் குளக்கரை என்று எழுதியதால், நாலு கல்லூரிப் பிள்ளைகள் எதிர்க்கரையில் மறுகால் பக்கம் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் அவர்கள் வரவே இல்லை. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம். கூடுகிற இடத்தில் நீங்களே நின்று, அங்கிருந்து இருப்பிடக் குறியை அனுப்புங்கள். மரம், மடை, படித்துறை என்று கண்ணில் படுகிற ஓர் அடையாளத்தையும் சொல்லுங்கள்.

வேலையையும் சின்னதாக வெட்டிக் கொடுங்கள். "தூய்மைப் பணி" என்றால் இடுப்பளவுச் சேற்றில் இறங்கி அமலைச் செடி இழுக்கணும் போல என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எங்கிருந்து எதுவரை, எதைப் பொறுக்குவது, எத்தனை ஆள் வேண்டும் என்று எழுதுங்கள். ஆள் கணக்குப் போடாவிட்டால், 84 பேரில் ஒவ்வொருவரும் மற்ற 83 பேர் இருக்கிறார்களே என்று இருந்துவிடுவார். 25 பேர் என்று போட்டால், தான் போகாவிட்டால் ஒன்று குறையும் என்று தெரியும்.

நீங்கள் தனியாக அனுப்பிய விவரங்களை வைத்து எழுதிப் பார்த்தேன்:

*பெரியகுளத்தங்கரை வேலை. 2025 ஆகஸ்ட் 24, ஞாயிறு, காலை 6.30 முதல் 8.15 வரை.*

*கூடும் இடம்: கீழ மடை, வேப்பமரத்தடி. இருப்பிடக் குறி கீழே.*

*படித்துறையிலிருந்து கீழ மடை வரை கரையோரம் கிடக்கிற கவர், பாட்டில், பழைய துணியைப் பொறுக்கிச் சாக்கில் கட்டணும். 25 பேர் இருந்தால் முடிந்துவிடும். யாரும் தண்ணிக்குள் இறங்க வேண்டாம்.*

*சாக்கும் கையுறையும் எங்களிடம் இருக்கு. கால் மூடின ஷூ போட்டு வாங்க.*

*போன பிசானத்துக்கு மடை திறந்தப்போ இந்தக் கவர்தான் வாய்க்காலை அடைச்சது. கடைமடை வயலுக்குத் தண்ணி போக நாலு நாள் ஆச்சு. இந்தத் தடவை மழைக்கு முன்னாடி அள்ளிருவோம்.*

*வர்றவங்க வெள்ளி ராத்திரிக்குள்ள பேரோட 'வர்றேன்'னு எழுதுங்க. காப்பியும் வடையும் அத்தனை பேருக்குத்தான் சொல்லணும்.*

இதில் "நம்ம குளம்" என்ற வார்த்தை எங்கேயும் இல்லை, பாருங்கள். கடைமடைக்காரருக்கு நாலு நாள் தண்ணீர் போகாதது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைப் படிக்கிறவருக்கு இது தன் ஊர்க் காரியம் என்று தானே தோன்றும். இந்த ஒரு வரியை வெளியூர்க்காரர் யாரும் எழுதித் தர முடியாது, நீங்கள்தான் எழுத முடியும்.

"சார், நான் தாம்பரத்துல வளர்ந்தவ, இப்போ பாளையங்கோட்டை. நாங்க எல்லாத்தையும் ஏரின்னுதான் சொல்வோம். செய்தியில ஏரின்னு போட்டா என்ன தப்பு?"

தப்பு இல்லை அம்மா. ஆனால் இந்த ஊரில் அந்தச் சொல் ஒட்டாது. நயினார்குளம், வேய்ந்தான்குளம், கூந்தன்குளம் என்று எல்லாம் குளம்தான். ஏரி என்று போட்டால் வெளியிலிருந்து யாரோ வந்து நடத்துகிறார்கள் என்று ஊர்க்காரர் ஒதுங்கிவிடுவார்.

"குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். குளிக்கிறதுக்கு வெட்டினது குளம், வேளாண்மைக்கு உள்ளது ஏரி. பள்ளிக்கூடத்துல அப்படித்தான் படிச்சோம். அண்ணாச்சி சொல்றது பேச்சு வழக்கு."

படித்தது சரிதான், ஐயா. அப்படிப் பிரித்துச் சொல்கிற ஊர்களும் இருக்கின்றன. ஆனால் விஜயநாராயணம் குளத்தில் குளிக்கவா கரை கட்டினார்கள்? அது வயலுக்குப் பாயத்தானே இருக்கிறது. கரையும் மடையும் மறுகாலும் ஆயக்கட்டும் உள்ளதற்குத்தான் இங்கே குளம் என்று பெயர். ஆள் கூப்பிடும் செய்தியில் கேட்கிறவர் காது எதற்குப் பழகியதோ அந்தச் சொல்தான் வேண்டும்.

"அப்போ தெப்பக்குளம்? அதுல மறுகால் எங்க இருக்கு?"

இல்லைதான், நல்ல கேள்வி. கோயிலோடு சேர்ந்ததைத் தெப்பக்குளம் என்று முழுப் பெயரில்தான் சொல்கிறோம். அதனால் குழப்பம் வருவதில்லை என்று நினைக்கிறேன்.

"சார், எங்க அடுக்குமாடியில பாதிப் பேர் வெளியூர். குளம்னா கோயில் பக்கத்துல படிக்கட்டோட இருக்குமேன்னு கேக்கிறாங்க. அவங்களும் வரணும்ல?"

கட்டாயம் வரணும். உங்கள் குடியிருப்புக்கு அனுப்பும்போது "வேய்ந்தான்குளம், புதிய பேருந்து நிலையம் பக்கம்" என்று பெயரையும் அடையாளத்தையும் மட்டும் போடுங்கள், ஏரியா குளமா என்ற பேச்சே வராது. நாங்குநேரித் தம்பி மாதிரி சொந்த ஊருக்கு எழுதுகிறவர்கள் ஏரி என்று போடாதீர்கள். பள்ளிப்பாடம் சொன்ன ஐயா இன்னும் மூன்று செய்தி அனுப்பியிருக்கிறார். அவருக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

"வர்ற மாணவர்களுக்குச் சான்றிதழ் உண்டுன்னு போடலாமா?"

அது அவர்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் கையில் இருக்கிறது. அவர் சரி என்று சொல்லும்வரை செய்தியில் போடாதீர்கள்.

"எங்க குளத்துக்குள்ள சீமைக் கருவேலம் காடா கிடக்கு. ஒரு ஜேசிபி வச்சு வேரோட பிடுங்கணும். அதுக்கு ஆள் சேர்க்க ஒரு செய்தி எழுதித் தாங்க."

இது செய்தி எழுதித் தீருகிற காரியம் இல்லை. குளத்துக்குள் இயந்திரம் இறக்கவும் மரம் எடுக்கவும், அது யார் பொறுப்பில் உள்ளதோ, நீர்வளத்துறையோ ஊராட்சியோ, அவர்களிடம் அனுமதி வாங்கவேண்டும். அந்த மரத்தில் நாரையோ கொக்கோ கூடு வைத்திருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். கூந்தன்குளத்துப் பக்கம் குளத்துக்குள் நிற்கிற மரத்திலேயே பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன.

"நான் ரெண்டு தடவை 'வர்றேன்'னு எழுதிட்டுப் போகல. சொல்லக் கூச்சமா இருக்கு. அங்க போனா ரெண்டு மணி நேரம் எங்க ஒதுங்குறது? வேற பொம்பளைங்க வர்றாங்களான்னும் தெரியல. நான் பாட்டுக்கு ஒத்தையா நிக்கவா?"

கேட்டதற்கு நன்றி அக்கா. எங்களுக்கே இது ரொம்ப நாள் உறைக்கவில்லை. பெண்கள் வருவதில்லை, ஆர்வம் இல்லை போல என்று பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருவில் ஓர் ஆசிரியை சொன்ன பிறகுதான் புரிந்தது. அடுத்த தடவை, மடைக்கு எதிரே உள்ள வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுவிட்டு, செய்தியில் இரண்டு வரி சேர்த்தோம்: "கழிப்பறைக்கு எதிர் வீட்டில் சொல்லியிருக்கு. பெண்கள் ஐந்து பேர் இதுவரை பெயர் கொடுத்திருக்காங்க, நீங்க வந்தா அவங்களோடயே நிக்கலாம்." அன்றைக்குப் பதினொரு பெண்கள் வந்தார்கள். அதில் இரண்டு பேர் சிறுவயதில் அந்தப் படித்துறையில் துணி துவைத்தவர்கள். மணலில் புதைந்து கிடந்த கடைசிப் படி எங்கே என்று காட்டிக்கொடுத்ததே அவர்கள்தான்.

உங்கள் ஊரில் கூப்பிடுகிறவரிடம் இதை நேரிலேயே கேளுங்கள். ஏற்பாடு இல்லை என்றால் போகாதது உங்கள் குற்றம் இல்லை.

"எத்தனை மணிக்கு வைக்கிறது நல்லது?"

இது நான்காவது தடவை. முதல் பதிலைத் தயவுசெய்து படியுங்கள். விடிந்ததும் தொடங்குங்கள், முடியும் நேரத்தைப் போடுங்கள்.

"குழந்தைகளையும் கூட்டிட்டு வாங்கன்னு போடலாமா?"

போடலாம். அதே வரியிலேயே "பெற்றோர் கூடவே நிற்கணும், கரையை விட்டு இறங்கக்கூடாது" என்று எழுதுங்கள். மேலே கால் பதிகிற மாதிரி தெரியும், அடியில் மண் அள்ளிய பள்ளம் இருக்கும். பழைய குளங்களில் எங்கே தோண்டியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீச்சல் தெரிந்த பெரியவரும் இறங்கவேண்டாம்.

"பேர் எழுதினவங்களுக்கு முந்தின நாள் ஞாபகப்படுத்தலாமா, தொந்தரவா நினைப்பாங்களா?"

சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, ஒரு வரி போதும். "செல்வி அக்கா, நாளைக்கு 6.30, கீழ மடை. சாக்குக் கட்டுறதுக்கு உங்களைத்தான் நினைச்சிருக்கேன்." எங்கள் அனுபவத்தில் குரூப்பில் எழுதியவர்களில் பாதிப் பேர் வருவார்கள். இப்படித் தனியாகச் சொன்னால் பத்துக்கு ஏழு பேர் வருகிறார்கள். அதற்கு மேல் கூட்ட எனக்கு வழி தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

"அண்ணாச்சி, முதல்ல கேட்டவன்தான். நீங்க எழுதின செய்தியை இப்பவே போட்டுட்டேன். 14 பேர் பேரோட எழுதிட்டாங்க. ஆனா மீன்பாசி குத்தகை எடுத்தவர் போன் போட்டு, யாரைக் கேட்டுக் கரையில ஆள் இறக்குறீங்கன்னு சத்தம் போடுறார். அவரையும் குரூப்ல சேர்த்து மரியாதையா பதில் போடட்டுமா?"

குரூப்பில் வேண்டாம் தம்பி. கரையோரம் அவர் வலை கிடக்கும், அது அறுந்துவிடுமோ என்று பயப்படுகிறார். இன்றைக்குச் சாயங்காலமே ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். வலை எந்த இடத்தில் கிடக்கிறது என்று அவரையே கேளுங்கள், அங்கே ஆள் விடவேண்டாம். கரை வேலைக்கு ஊராட்சித் தலைவரிடம் சொல்லியாகிவிட்டதா? இல்லையென்றால் முதலில் அவரிடம் போய்விட்டு, அப்புறம் இவரிடம் போங்கள்.