சிங்கவிண்ணனா, நரைசிங்கனா?

அன்புள்ள ஐயா,

அரூர் பக்கம் எங்கள் உறவினர் நிலத்து வரப்பில் ஒரு நடுகல் நிற்கிறது. மேலே மூன்று வரி வட்டெழுத்து. சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுத்தேன், பக்கத்தில் ஸ்கேலும் வைத்தேன். முதல் வரியின் வலது ஓரம் உடைந்திருக்கிறது. ‘கோவிசைய நரைசிங்கபருமற்கு யாண்டு பத்தாவது’, அதாவது நரசிங்கன் என்ற மன்னனின் பத்தாம் ஆட்சியாண்டு என்று படித்தேன். ‘நரை’ உடைந்த ஓரத்தில் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாம் வரியில் ‘சிங்க’வுக்கும் ‘பருமற்’குக்கும் நடுவே இடம் காலியாக இருக்கிறது. சிற்பி விட்ட இடைவெளிதானே?

அன்புள்ள நண்பருக்கு,

படத்தைப் பெரிதாக்கி இரண்டு நாள் பார்த்தேன். இது நரைசிங்கன் இல்லை, சிங்கவிண்ணன், அதாவது பல்லவ மன்னன் சிம்மவிஷ்ணு என்றே எனக்குப் படுகிறது. எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன்.

உடைந்த இடத்தில் எத்தனை எழுத்து போயிருக்கும் என்று கணக்கிடும்போது நாம் உச்சரிக்கும் எழுத்தை எண்ணக் கூடாது, கல்லில் வெட்டிய வடிவங்களை எண்ண வேண்டும். ‘கோ’ நமக்கு ஓர் எழுத்து. கல்லில் அது கொம்பு, க, கால் என்று மூன்று வடிவம். அதேபோல ‘நரை’ என்பது ந, ஐகாரக் கொம்பு, ர என்று மூன்று இடம் கேட்கும்.

உங்கள் ஸ்கேலை வைத்து அளந்தால், இந்தக் கல்லில் ஒடுங்கிய வடிவம் சுமார் 3 செ.மீ., அகலமானது 5 செ.மீ. நடுகல் எழுத்து ஒரே சீராக இருக்காது, அதனால் சராசரி எடுத்தால் ஏமாந்துபோவோம். குறைந்த அளவு, கூடிய அளவு இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ‘நரை’க்கு எவ்வளவு நெருக்கினாலும் 9 செ.மீ. வேண்டும். ‘கோவிசைய’வுக்குப் பிறகு கல்லின் பழைய ஓரம் வரை இருப்பதோ 5 செ.மீ. அடுத்த வரிக்கு வழிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதுவும் முடியாது. இரண்டாம் வரியின் இடது ஓரம் உடையவில்லை, அது ‘சி’யில்தான் தொடங்குகிறது.

அப்புறம் அந்தக் காலி இடம். சிற்பிகள் இடம் விடுவது உண்மைதான். வீரனின் வில் நுனி குறுக்கே வந்தால், கல்லில் முண்டு இருந்தால், தாண்டிப் போய் வெட்டுவார்கள். ஆனால் அப்படித் தாண்டிய இடத்தில் கல்லின் முகம் பக்கத்து மட்டத்திலேயே வழவழப்பாக இருக்கும். உங்கள் படத்தில் அந்த இடம் பள்ளமாக, சொரசொரவென்று இருக்கிறது. மேல்தோல் பொரிந்து விழுந்திருக்கிறது. அகலம் 12 செ.மீ. ‘விண்ண’வுக்குத் தேவையான மூன்று வடிவம் இதில் சரியாக உட்காரும்.

இடம் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் படித்துவிட முடியாது. பொரிந்த பகுதியின் கீழ்விளிம்பில் இரண்டு வளைவுகள் மிஞ்சியிருக்கின்றன, கவனித்தீர்களா? இரண்டும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில். இந்தக் கல்லில் புள்ளி வைக்கவே இல்லை. அதனால் ‘ண்ண’ என்பது ஒரே வடிவம் இரண்டு முறை வருவதாகத்தான் தெரியும். அந்த இரட்டை வளைவுதான் என்னைச் சிங்கவிண்ணன் பக்கம் சாய்த்தது.

‘பத்தாவது’ மட்டும் வேண்டாம். தெரிவது ‘தாவது’தான். அது ஐந்தாவதாகவும் இருக்கலாம். மன்னன் பெயருக்கு அளவும் எச்சமும் துணை இருக்கின்றன, ஆண்டுக்கு ஒன்றும் இல்லை. நான் இப்படி எழுதுவேன்:

1. கோவிசைய
2. சிங்க[வி*][ண்ண]பருமற்
3. கு யாண்டு . . தாவது

வெறும் பகர அடைப்பு, சிதைந்தாலும் தடம் இருக்கிறது என்பதற்கு. உடுக்குறி, தடமே இல்லாமல் நாம் சேர்த்தது என்பதற்கு. புள்ளிகள், படிக்க முடியாத இடம். ‘வி’க்குத் தடம் இல்லை, அதனால் அதற்கு மட்டும் உடுக்குறி. மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் நாம் வைத்தது என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒரு வருத்தம், சாக்பீஸ். தயவுசெய்து இனி அதைச் செய்யாதீர்கள். இயற்கைக் குழியிலும் மாவு இறங்கி எழுத்துபோல நிற்கிறது. மூன்றாம் வரியில் நீங்கள் ‘ப’ என்று பார்த்தது அப்படி ஒரு குழிதான் என்று நினைக்கிறேன். உளி வெட்டிய கோட்டுக்கு ஏறக்குறைய ஒரே அகலம் இருக்கும். சில்லு பெயர்ந்த குழி ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் கூர்மையாக இருக்கும். சுண்ணம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும், மெதுவாகக் கழுவிவிடுங்கள். இருட்டிய பிறகு கேமராவை ஸ்டாண்டில் கல்லுக்கு நேராக நிறுத்தி, டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போலச் சாய்த்து, இடம், வலம், மேல் என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு படம் எடுங்கள். கீழிருந்து ஒளி வேண்டாம், பள்ளமான எழுத்து மேடாகத் தெரியும். இடப்பக்க ஒளியில் எடுத்த படம் வந்தால் ‘வி’யின் சுழி கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இருந்தால் அந்த உடுக்குறியை எடுத்துவிடுவேன்.

அன்புடன்.