மரச்செக்கு எண்ணெய்க்கு ஸ்கிரிப்ட்: ஏஐ டூலுக்கு நான் என்னென்ன குடுக்கறேன்

கேள்வி: ஏஐ டூல்ல விளம்பர ஸ்கிரிப்ட் கேட்டா முதல் டிராஃப்ட் ஒருநாளும் யூஸ் ஆகறதில்ல, கடைசில நானே முழுசா எழுதறேன். நீங்க எல்லாம் உள்ள என்ன குடுக்கறீங்க?

நான் சின்னக் கடைக்காரங்களுக்கு ரீல்ஸ் ஸ்கிரிப்ட் எழுதறவன், எண்ணெய், மாவு, மசாலா இந்த மாதிரி சாப்பாட்டு ஐட்டம்தான் அதிகம். அதுல ஒரே ஒரு வேலையை எடுத்து முழுசா சொல்றேன், மரச்செக்கு கடலெண்ணெய்க்கு 30 செகண்ட் வாய்ஸ் ஓவர்.

முதல் தடவை நான் குடுத்தது ஒரே வரி, "மரச்செக்கு கடலெண்ணெய்க்கு 30 செகண்ட் விளம்பர ஸ்கிரிப்ட் எழுது". வந்தது என்னன்னா, மூணு தலைமுறைப் பாரம்பரியம், இதயத்தைக் காக்கும், கொலஸ்ட்ரால் இல்லாதது, டாக்டர்கள் பரிந்துரைக்கிறாங்க, 100 சதவீதம் தூய்மை. அந்தக் கடை ஆரம்பிச்சதே 2019-ல, மூணு தலைமுறை எங்கிருந்து வந்துச்சு? டூல் நம்மள ஏமாத்தணும்னு எழுதல, அது படிச்சு வளர்ந்த எண்ணெய் விளம்பரத்துல எல்லாம் அந்த இடத்துல அந்த மாதிரி வரிதான் வரும், நாம தகவல் குடுக்காம காலியா விட்ட இடத்தை அதை வெச்சு ரொப்பிடுது. எனக்கு இது புரிஞ்சதுக்கு அப்புறம்தான் வேலையே ஒழுங்கா நடந்துச்சு. டூலுக்கு எழுத்துத் திறமை பத்தாம இல்ல, அதுகிட்ட சரக்கு இல்ல, அவ்ளோதான்.

அதனால இப்பல்லாம் முதல்ல கடைக்காரர்கிட்ட போன்ல கால் மணி நேரம் பேசிடுவேன். "உங்க எண்ணெய் ஏன் நல்லது"ன்னு கேக்கவே மாட்டேன், கேட்டா அவரும் விளம்பர வரியைத்தான் திருப்பிச் சொல்வாரு. எவ்ளோ பருப்பு போட்டா எவ்ளோ எண்ணெய் வருது, செக்கு எந்த மரம், ஆட்டி முடிச்சதும் எங்க வைக்கறீங்க, எத்தனை நாள், பாட்டில்ல என்ன அச்சடிச்சிருக்கு, இப்படி கண்ணால பாக்கக்கூடிய விஷயமா கேப்பேன். வந்ததை நம்பர் போட்டு இப்படி எழுதிக் குடுப்பேன்:

```
வேலை: 30 செகண்ட் ரீல்ஸ் வாய்ஸ் ஓவர். 6 ஷாட், ஷாட்டுக்கு ஒரு வரி,
வரிக்கு 10 வார்த்தைக்குள்ள, மொத்தம் 50-க்குள்ள.
தகவல்:
த1. 2.5 கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டினா 1 லிட்டர் எண்ணெய்
த2. வாகை மரச்செக்கு
த3. எவர்சில்வர் டிரம்ல 3 நாள், ரூமுக்குள்ள வெச்சு தெளிய விடறோம்
த4. தாளிக்கும்போது கடலை வாசம் வரும்
த5. பாட்டில்ல ஆட்டின தேதி இருக்கும்
த6. கடை ஆரம்பிச்சது 2019
இதுக்கு வெளிய எந்தத் தகவலும் சேக்காத. தேவைப்பட்டா [தகவல் இல்லை]னு போடு.
ஒவ்வொரு வரி கடைசியிலயும் எந்தத் தகவல்லேர்ந்து வந்துச்சோ அந்த நம்பரைப் போடு.
```

அந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. டிராஃப்ட் வந்ததும் நம்பர் இல்லாத வரி எதுன்னு பாத்தாலே அது சொந்தமா சேத்தது எதுன்னு தெரிஞ்சிடும், 30 செகண்ட் ஸ்கிரிப்ட்டை ஒரு நிமிஷத்துல செக் பண்ணிடலாம். ஆனா நம்பர் இருக்குன்னு கண்ணை மூடிட்டு நம்பவும் கூடாது. இந்த வேலையிலேயே "மூணு நாள் வெயில்ல தெளிய வெச்சு"ன்னு எழுதி பக்கத்துல த3ன்னு போட்டிருந்துச்சு, நான் குடுத்தது ரூமுக்குள்ளன்னு. பாதி சரியா இருக்கற வரிதான் கண்ணுல படாம தப்பிக்கும், அதனால நம்பரையும் தகவலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தடவை வாசிச்சே ஆகணும்.

அடுத்தது சொல்லக்கூடாத விஷயம். சாப்பாட்டு ஐட்டத்துக்கு இது நம்ம இஷ்டம் இல்ல, சட்டம் இருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2018 விளம்பர ஒழுங்குமுறை இருக்கு, அதுப்படி ஒரு உணவு நோயைத் தடுக்கும், குணப்படுத்தும்னு சொல்லக்கூடாது, டாக்டர் பரிந்துரைன்னு காட்டக்கூடாது, அடுத்த கம்பெனிப் பொருளை மட்டம் தட்டி நம்மளத விக்கக்கூடாது. தப்பா வழிநடத்துற விளம்பரத்துக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தோட 53-வது பிரிவுல பத்து லட்சம் ரூபா வரைக்கும் அபராதம் போட இடம் இருக்கு. அது முதல்ல வந்து விழறது மாசம் சில நூறு பாட்டில் விக்கற அந்தக் கடைக்காரர் தலையில, அதை நினைச்சாலே இந்த பார்ட்டை அவசரத்துல எழுதத் தோணாது.

ஆனா தடை லிஸ்ட்டை எழுதற விதம்னு ஒண்ணு இருக்கு. முதல்ல நான் "இதயத்துக்கு நல்லதுன்னு எழுதாத"ன்னு மட்டும் போட்டேன், அது "நெஞ்சுக்கு இதமான எண்ணெய்"னு கொண்டு வந்துச்சு. வார்த்தையைத் தடுத்தா பக்கத்து வார்த்தை வழியா உள்ள வந்துடுது. அதனால இப்ப வார்த்தையா தடுக்காம அர்த்தமா தடுக்கறேன், கூடவே அந்த இடத்துல என்ன எழுதணும்னும் குடுக்கறேன். இப்படி: "உடம்பு, நோய், உறுப்பு, டாக்டர் சம்பந்தமா நேராவோ சுத்தி வளைச்சோ எந்த வரியும் வேண்டாம், நல்லதுன்னு சொல்லணும்னு தோணுற இடத்துல த1 இல்ல த4-ஐ எழுது. ரீஃபைண்ட் எண்ணெயைப் பத்திப் பேச்சே வேண்டாம், விலையை நியாயப்படுத்தணும்னா த1-ஐ எழுது." மாத்து குடுத்ததுக்கு அப்புறம் சுத்தி வளைக்கறது ரொம்பவே கம்மியாயிடுச்சு.

கொலஸ்ட்ராலுக்குத் தனியா ஒரு வரி போடுவேன். செடியிலிருந்து வர்ற எந்த எண்ணெயிலயும் கொலஸ்ட்ரால் சொல்லிக்கற அளவுக்குக் கிடையாது, இதுக்கு மட்டும் ஏதோ ஸ்பெஷல் மாதிரி சொன்னா வாங்கறவங்களை ஏமாத்தறதுதான். கடைக்காரருங்க இதைத்தான் ரொம்ப ஆசைப்பட்டுக் கேப்பாங்க, பொறுமையா எடுத்துச் சொன்னா ஒத்துக்குவாங்க.

நீளம். "30 செகண்ட்"னு மட்டும் சொன்னா எனக்கு எண்பது தொண்ணூறு வார்த்தைக்கு வந்துட்டு இருந்துச்சு, அதை வாய் விட்டுப் படிச்சா ஒரு நிமிஷத்துக்குக் கிட்ட ஓடும். இங்கிலீஷ் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது, நம்ம வார்த்தை நீளம், "ஆட்டினதுக்கப்புறம்"னு நாம ஒரே வார்த்தையா சொல்றதுக்கு அவங்களுக்கு மூணு வார்த்தை ஆகும். உங்க பழைய ஸ்கிரிப்ட் ஒண்ணை எடுத்து போன்ல ஸ்டாப் வாட்ச் வெச்சு உங்க வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட்டைப் படிக்கச் சொல்லுங்க, அதுதான் உங்க கணக்கு. என் ஆளுக்கு 30 செகண்டுக்கு ஐம்பது வார்த்தை, அதுக்கு மேல போனா மூச்சு வாங்குது, ஷாட் மாறுறதுக்கு கேப்பே இல்ல. இந்த டூல்கள் மொத்தமா எண்ணி எழுதறதுல அடிக்கடி தப்பு பண்ணிடும், அதனாலதான் ஷாட்டையும் வரியையும் பிரிச்சுக் குடுக்கறது, சின்ன வரியா இருந்தா அளவு மீறாம நிக்குது.

ஆடியன்ஸுக்கு "குடும்பப் பெண்கள், 25 முதல் 50 வயசு"ன்னு போடறது எழுதாம விடறதுக்கு சமம். அவங்க இப்ப என்ன வாங்கறாங்க, எதுக்குத் தயங்கறாங்க, அந்தத் தயக்கத்தை எந்த வார்த்தையில சொல்றாங்க, இது மூணும்தான் வேணும். இந்தக் கடைக்கு நான் எழுதினது: "ஈரோடு பக்கம் இருக்கற வீட்டுப் பெண், நாப்பது வயசு கிட்ட, இத்தனை நாளா பாக்கெட் எண்ணெய் வாங்கறாங்க, செக்கெண்ணெய் நல்லா இருக்கும்னு தெரியும், ஆனா 'ஏங்க இவ்ளோ விலை'ன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுதான் ஸ்கிரிப்ட்." கடைக்காரர்கிட்ட வாங்க வர்றவங்க என்ன கேப்பாங்கன்னு விசாரிச்சா இந்த வரி தானா கிடைச்சிடும். பேச்சு நடைக்கு "கொங்குத் தமிழ்ல எழுது"ன்னு சொன்னேன், வரிக்கு வரி "ஏனுங்க"ன்னு வந்து நிக்குது, அங்க யாரும் அப்படிப் பேசறதில்ல. அதை எடுத்துட்டு கடைக்காரர் வாட்ஸ்அப்ல அனுப்பின வாய்ஸ் மெசேஜ்லேர்ந்து ரெண்டு வரியை அப்படியே டைப் பண்ணி "இந்த நடை"ன்னு குடுத்தேன், சரியா வந்துச்சு.

எல்லாம் குடுத்து வந்த டிராஃப்ட்ல நான் கை வெச்சது ரெண்டே இடம். ஒண்ணு அந்த வெயில். இன்னொண்ணு அஞ்சாவது வரியில "பாட்டி காலத்து வாசம்"னு இருந்துச்சு, நம்பரும் இல்ல, கடையோட கதையும் இல்ல, மாத்திட்டேன். ரெக்கார்டிங்குக்குப் போனது இது, 49 வார்த்தை:

செக்கு கடலெண்ணெய் ஏங்க இவ்ளோ விலைன்னு கேக்கறீங்களா?
இதோ, இந்தக் கூடையில இருக்கறது ரெண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு.
மொத்தத்தையும் வாகை மரச்செக்குல போட்டு ஆட்டினா ஒரே ஒரு லிட்டர்தான் வரும்.
அதை எவர்சில்வர் டிரம்ல மூணு நாள் தெளிய வெச்சு அப்புறம்தான் பாட்டில்ல ஊத்தறோம்.
கடுகு தாளிக்கையில கடலை வாசம் வரும், அது ஆட்டின பருப்போட வாசம்.
பாட்டில் மேல ஆட்டின தேதி இருக்கு, பாத்து வாங்குங்க.

2019-ங்கற தகவலை டூல் எடுக்கவே இல்ல, நானும் சேக்கல, விலையைக் கேக்கறவங்களுக்கு அது பதில் இல்லையே. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி இதை அப்படியே கடைக்காரருக்கு அனுப்பி வரி வரியா "இது சரிதானா"ன்னு கேட்டேன், அதையும் ஒவ்வொரு தடவையும் செய்வேன், ஏன்னா நான் குடுத்த தகவலே தப்பா இருந்தா டூல் அதைக் கண்டுபிடிக்காது. இந்த தடவை அவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார், ரெண்டரைக் கிலோங்கறது அவர் இப்ப வாங்கற பருப்புக்கு, பருப்பு மாறினா கொஞ்சம் ஏறி இறங்கும், அடுத்த லோடு வந்தா ஒரு தடவை கேட்டுக்கங்கன்னு. ஃபைல்ல த1 பக்கத்துல அதையும் குறிச்சு வெச்சிருக்கேன்.