கண் முகாமுக்கு மாத்துத் துணி எதுக்கு?

"பாலக்கோடு கண் முகாம் போஸ்ட்ல ஞாயிறு காலை 9 மணி, ஸ்கூல் வளாகம், ஆதார் ஜெராக்ஸ், மாத்திரை சீட்டு, மாத்துத் துணினு இருக்கு. கண்ணு பாக்க துணி எதுக்குங்க? அம்மாவுக்கு சுகர் வேற."

புரை முத்தியிருந்தா அன்னைக்கே வண்டில ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயி ஆபரேஷன் பண்ணுவாங்க, ரெண்டு மூணு நாள் தங்கணும், அதுக்குத்தான். போஸ்ட்ல இருக்கிற நம்பருக்கு போன் பண்ணி அன்னைக்கே கூட்டிட்டுப் போவாங்களான்னு கேட்டுக்கோங்க.

அம்மாவ வெறும் வயித்துல கூட்டிட்டுப் போகாதீங்க, சாப்பிட்டு சுகர் மாத்திரைய எப்பவும் போல போடட்டும், சுகர் ஏறியிருந்தா ஆபரேஷன தள்ளி வச்சிருவாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா அத டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க.

கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரம் மங்கலாத்தான் தெரியும், வெயில்ல கண்ணு கூசும், கூட ஒருத்தர் இருக்கணும்.

ஆனா திடீர்னு பார்வை மறைஞ்சாலோ கண்ணு கடுமையா வலிச்சாலோ ஞாயிறு வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே தர்மபுரி ஜி.எச்.க்கு போயிருங்க.