கவர் லெட்டரில் அந்த இரண்டாவது பத்தி

நீங்கள் அனுப்பிய இரண்டு வரைவுகளையும் படித்தேன். திருப்பூர் ஏற்றுமதி கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு உங்களிடம் நல்ல சரக்கு இருக்கிறது. ஆனால் இரண்டு வரைவிலுமே அது வெளியே வரவில்லை. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் வைத்துப் பேசுகிறேன்.

முதல் வரைவு: "எனக்குப் பெரிய அனுபவம் இல்லை. மூன்றாம் செமஸ்டரில் ஒரு அரியர் இருந்தது, இப்போது முடித்துவிட்டேன். ஆடிட்டர் அலுவலகத்தில் 6 மாதம் பயிற்சி மட்டுமே பெற்றிருக்கிறேன். ஒரு வாய்ப்பு கொடுத்தால் கடினமாக உழைப்பேன்."

அண்ணன் சொன்ன பிறகு மாற்றிய இரண்டாவது: "ஜிஎஸ்டியில் நான் வல்லவள். ஆடிட்டர் அலுவலகத்தின் ஜிஎஸ்டி வேலை முழுவதையும் தனியாகக் கையாண்டேன். உங்கள் நிறுவனத்துக்குப் பெரிய சொத்தாக இருப்பேன்."

ஒன்று கெஞ்சுகிறது, இன்னொன்று அளக்கிறது. ஆனால் கோளாறு இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டிலும் உங்களைப் பற்றிய தீர்ப்பு இருக்கிறது, நீங்கள் செய்த வேலை இல்லை. நீங்கள் போதாதவரா வல்லவரா என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்த அக்கவுண்ட்ஸ் மேனேஜர். அதற்கு அவருக்கு வேலையைத்தான் காட்ட வேண்டும்.

அதனால்தான் போனில் அந்த அலுவலகத்தில் தினமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னீர்கள்: 8 கிளையன்ட்களின் கொள்முதல் பதிவேட்டை, சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் வரும் ஜிஎஸ்டிஆர் 2பி-யோடு ஒப்பிட்டது, 2பி-யில் வராத பில்களைத் தனியாக எடுத்தது, அந்த சப்ளையர்களுக்குப் போன் போட்டு விரட்டியது. பத்திக்கு வேண்டியது இதுதான். 2பி மாதம் 14-ஆம் தேதி வரும், வரி கட்டும் 3பி ரிட்டர்னை 20-க்குள் போட்டாக வேண்டும், 2பி-யில் ஒரு பில் விட்டுப்போனால் அந்தப் பில்லுக்கு அந்த மாதம் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. இந்த நெருக்கடி அந்த மேனேஜருக்கு மாதாமாதம் வருவது. அதில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்று தெரிந்தாலே உங்கள் கடிதத்தை நின்று படிப்பார்.

இப்படி எழுதலாம்:

"ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 6 மாதம் பயிற்சியில் இருந்தேன். மாதந்தோறும் 8 கிளையன்ட்களின் கொள்முதல் பதிவேட்டை ஜிஎஸ்டிஆர் 2பி-யுடன் ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைப் பட்டியலிட்டு, சப்ளையர்களிடம் பேசிச் சரிசெய்ய வைப்பது என் பொறுப்பு. ரிட்டர்னைச் சீனியர் சரிபார்த்துத் தாக்கல் செய்வார். உங்கள் விளம்பரத்தில் கேட்டிருக்கும் கொள்முதல் பில் சரிபார்ப்பை முதல் மாதத்திலிருந்தே என்னால் பார்க்க முடியும். ஏற்றுமதி ரீஃபண்ட் வேலை இதுவரை செய்ததில்லை."

"சீனியர் சரிபார்த்து" என்ற வரியை எடுத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். எடுக்காதீர்கள். பயிற்சிக்கு வந்தவர் கையில் ரிட்டர்ன் தாக்கலை முழுதாக விட மாட்டார்கள் என்று கணக்கு வேலையில் இருப்பவருக்குத் தெரியும். "முழுவதையும் தனியாக" என்று படித்ததும் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார். உங்கள் வேலை எங்கே முடிகிறது என்று நீங்களே சொல்லிவிட்டால், அதற்கு முந்தைய வரிகளை அப்படியே நம்புவார்.

கடைசி வரி மன்னிப்பு மாதிரி இருக்கிறதே என்றால், இல்லை. விளம்பரத்தில் ஏற்றுமதி ரீஃபண்டும் கேட்டிருக்கிறார்கள், அதனால் இல்லாததை இல்லை என்று ஒரு வரியில் சொல்கிறீர்கள். "ஆனாலும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன், தயவுசெய்து" என்று இழுத்தால்தான் அது கெஞ்சலாகும். விளம்பரத்தில் கேட்காத குறைகளை நீங்களாக எடுத்துப் போட வேண்டியதில்லை. அரியர் அந்த வகை. கவர் லெட்டரில் அதற்கு இடமில்லை. விண்ணப்பப் படிவத்தில் அரியர் விவரம் கேட்டால் மட்டும் மறைக்காமல் எழுதுங்கள், நேர்காணலில் கேட்டால் எப்போது முடித்தீர்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

அப்புறம் எண்கள். 8 என்றால் உண்மையிலேயே 8-ஆக இருக்க வேண்டும். சில மாதம் 6 தான் பார்த்தீர்கள் என்றால் "6 முதல் 8" என்று போடுங்கள். கிளையன்ட்களின் பெயரை எழுத வேண்டாம், அது அலுவலக ரகசியம். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு "எப்படிச் செய்தாய்?" என்று உங்களையே கேளுங்கள். 2 நிமிடம் தடுமாறாமல் பேச முடிகிற வரியை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை அடித்துவிடுங்கள். "கடின உழைப்பாளி", "பெரிய சொத்து" எல்லாம் அங்கேயே கழன்றுவிடும்.

அனுப்புவதற்கு முன் இந்தப் பத்தியை உங்கள் சீனியரிடம் ஒருமுறை காட்டுங்கள். கம்பெனியிலிருந்து உங்களைப் பற்றி விசாரித்தால் போன் பெரும்பாலும் அவருக்குத்தான் போகும்.