முதலில் கற்க வேண்டியது மருந்து கலக்க

"வீட்டுப் பூச்சி ஒழிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்கிறேன். எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்?"

லேபிளைப் படித்து மருந்து கலக்கத்தான். டோஸ் என்பது ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சேர்க்கும் மருந்தின் அளவு. லேபிளில் 10 மி.லி. என்றிருந்தால் 5 லிட்டர் டேங்குக்கு 50 மி.லி.; மூடியால் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது, அளவுக் குவளை வேண்டும். கூட்டி ஊற்றினால்? கரப்பான் பல நேரம் எரிச்சலில் அடுத்த அறைக்கு ஓடிவிடும்; குழந்தை தவழும் தரையில் விஷம் மிஞ்சும். காய்ச்சல் சீக்கிரம் போகட்டும் என்று நாலு மாத்திரை விழுங்குவது மாதிரி.

அப்புறம் கையுறை. தெளிப்பதைவிடக் கலக்கும்போதுதான் ஆபத்து அதிகம், கையில் இருப்பது இன்னும் தண்ணீர் கலக்காத மருந்து. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை போடுங்கள். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும்.

துணி மாஸ்க் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மருந்தின் ஆவியைத் தடுக்காது, லேபிள் கேட்டால் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடிதான்.