ரிஸ்பெரிடோன்: முதல் டோஸுக்கு முன்னாடியே எடை பார்த்து வைங்க

கேள்வி: பையனுக்கு 6 வயசு, ஆட்டிசம், 18 கிலோ. கோவம் வந்தா கையைக் கடிச்சு ரத்தம் வர வச்சுக்கறான். டாக்டர் ரிஸ்பெரிடோன் திரவ மருந்து ராத்திரிக்கு 0.25 மில்லிகிராம் எழுதிருக்காங்க. டோஸ் சரிதானா? வெயிட் போடும், சுகர் வரும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க.

பதில்:

டோஸ் சரிதான்மா. 20 கிலோவுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 0.25 மில்லிகிராம்லதான் ஆரம்பிப்பாங்க, குறைஞ்சது 4 நாள் கழிச்சு 0.5 ஆக்கலாம், அப்புறம் ரெண்டு வாரமாவது அதே அளவுல வச்சுப் பார்த்துட்டுத்தான் இன்னும் ஏத்துறதா வேண்டாமான்னு டாக்டர் முடிவு பண்ணுவாங்க. 20 கிலோவும் அதுக்கு மேலயும்னா ஆரம்பம் 0.5, அடுத்தது 1. என் பையன் அப்ப 7 வயசு, 23 கிலோ, அதனால 0.5ல ஆரம்பிச்சோம்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு, நான் அதுல விழப் பார்த்தேன். அந்த மருந்து ஒரு மில்லிலிட்டர்ல ஒரு மில்லிகிராம், அப்படின்னா உங்க பையனுக்கு கால் மில்லிலிட்டர்தான், அவ்வளவு கொஞ்சம். எனக்கு மருந்துக்கடையில 5 மில்லி சிரிஞ்ச் குடுத்து விட்டுட்டாங்க, முதல் நாள் ராத்திரி தூக்கக் கலக்கத்துல 0.5க்குப் பதிலா 5 வரைக்கும் இழுத்துட்டேன், வாய்கிட்ட கொண்டு போனப்புறம்தான் இவ்வளவான்னு உறைச்சுது. பத்து மடங்கு! 1 மில்லி சிரிஞ்ச் கேட்டு வாங்குங்க, 0.25 கோட்டுல பேனாவால மார்க் பண்ணிடுங்க. தண்ணியிலயோ ஆரஞ்சு ஜூஸ்லயோ கலக்கலாம், டீயிலயும் கோலாவிலயும் கலக்கக் கூடாது. நம்ம வீடுகள்ல பிள்ளைங்களுக்கும் டீ ஊத்திக் குடுப்போம் இல்லையா, அதான் சொல்றேன். உங்க பையன் பகல்ல ரொம்பத் தூங்கி வழிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

எடை விஷயத்துல அவங்க சொல்றது பொய் இல்ல. 2002ல அமெரிக்காவுல 101 ஆட்டிசப் பிள்ளைங்களை வச்சு நடந்த ஆராய்ச்சியில, 8 வாரத்துல மருந்து எடுத்தவங்க சராசரியா 2.7 கிலோ ஏறினாங்க, வெத்து மாத்திரை எடுத்தவங்க 0.8 கிலோதான். இந்த வயசுல ஒரு முழு வருஷத்துக்கே 2, 3 கிலோதான் ஏறணும். மருந்து பசியைக் கிளப்பி விட்டுடுது, வயிறு நிறைஞ்ச உணர்வே வராது, பிள்ளை மேல தப்பே இல்ல.

எங்க கதையைக் கேளுங்க. நான் கல்யாணம் ஆகி தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வந்தவ, இங்க சாட்ஸ்வர்த்ல கூட்டுக் குடும்பம். ஆரம்பத்துல 120 சென்டிமீட்டர், 23 கிலோ, பிஎம்ஐ 16, சார்ட்ல நடுக் கோட்டுக்குப் பக்கத்துல இருந்தான். 1 மில்லிகிராமுக்கு வந்ததும் கடிக்கிறது நல்லாவே குறைஞ்சுது, வீடே நிம்மதியா இருந்துச்சு, அந்த நிம்மதியில நான் தராசை மறந்துட்டேன். பத்து வாரம் கழிச்சு நிறுத்தா 26.3 கிலோ, பிஎம்ஐ 18, அதிக எடைன்ற கோட்டைத் தாண்டிட்டான். அவன் பசிக்குதுன்னு அழறப்பல்லாம் பாட்டி பாசத்துல ரொட்டியும் சிப்ஸும் குடுத்திருக்காங்க, கூட ஜூஸ் வேற. வெறும் வயித்து சுகர், லிட்டருக்கு மில்லிமோல் கணக்குல, முதல்ல 4.9 இருந்தது 5.8 ஆயிருச்சு. 5.6க்குக் கீழ இருந்தாதான் நிம்மதி, 7ன்னா அது சர்க்கரை வியாதி. நம்ம ஆளுங்க குடும்பத்துல யாருக்காவது சுகர் இல்லாம இருக்காதே, எங்க மாமனாருக்கும் இருக்கு, அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

நாங்க மருந்தை நிறுத்தல. ஜூஸை நிறுத்தினோம், ரொட்டிக்கு பதிலா பருப்பும் காய்கறியும் முதல்ல தட்டுல போட்டோம், டாக்டர் டோஸை 0.75க்கு இறக்கிப் பார்த்தாங்க, கடிக்கிறது திரும்பி வரல. மூணு மாசத்துல சுகர் 5.2, எடை ஏறாம நின்னுச்சு, அவன் உயரந்தான் வளர்ந்தான். இப்படியும் நிக்கலன்னா மெட்ஃபார்மின் சேர்க்கறது, வேற மருந்துக்கு மாத்தறதுன்னு வழி இருக்கு, டாக்டர் பார்த்துக்குவாங்க. நீங்களா டக்குன்னு மட்டும் நிறுத்திடாதீங்க, கோவம் முன்னைவிட மோசமாத் திரும்பலாம்.

அதனால முதல் டோஸுக்கு முன்னாடியே எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, பிபி, வெறும் வயித்து சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் எடுத்து வைங்க, பின்னாடி ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். முதல் ரெண்டு மாசம் வாராவாரம் ஒரே தராசுல, காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி நிறுத்து எழுதுங்க, அப்புறம் மாசம் ஒருதடவை. ரத்தத்தை மூணாவது மாசம் திரும்பப் பார்க்கணும், அதுக்கப்புறம் எப்பன்னு டாக்டர் சொல்வாங்க. ஊசின்னா அலறுற பிள்ளையா இருந்தா மரத்துப் போற க்ரீமை ஒரு மணி நேரம் முன்னாடியே கையில தடவிக் கூட்டிட்டுப் போங்க.

நடுவுல திடீர்னு ஓயாம தண்ணி கேட்டாலோ, படுக்கையில ஒண்ணுக்குப் போறது நின்ன பிள்ளை திரும்பப் போக ஆரம்பிச்சாலோ, சாப்பிட்டும் இளைச்சாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே சுகர் பாருங்க. அதோட வாந்தி, வேகமா மூச்சு வாங்கறதுன்னு இருந்தா நேரா எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போங்க.